ரத்தம் ஏற்றிய சீட்டுகளை ஒரு பதிவேடாக்குவது எப்படி?

தலசீமியா போன்ற நோய்களில் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையில் நாலைந்து தாள்கள் சேர்ந்துவிடும். ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்து ரத்த வங்கி கொடுக்கும் கிராஸ் மேட்ச் சீட்டு, பையிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், வார்டில் நர்ஸ் காய்ச்சலும் நாடித்துடிப்பும் குறித்த தாள், லேப் ரிப்போர்ட். இரண்டு வருடம் போனால் ஃபைல் மூடாது.

அப்போது புதிதாக ஒரு டாக்டர் வந்து, “போன தடவை ஏத்தினது எத்தனை நாள் தாங்குச்சு?” என்று கேட்கிறார். தாள்கள் அத்தனையும் இருக்கின்றன, பதில் மட்டும் வராது. ஏனென்றால் அந்தப் பதில் எந்த ஒரு சீட்டிலும் எழுதப்படவில்லை. போன முறை ஏற்றி முடித்தபின் இருந்த ஹீமோகுளோபின், இந்த முறை ஏற்றுவதற்கு முன் இருந்த ஹீமோகுளோபின், நடுவில் போன நாட்கள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். பதிவேடு போடுவதே அந்த இடைவெளியைப் பார்ப்பதற்காகத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் தகவல் வேண்டும், எது வேண்டாம் என்ற குழப்பம் பாதி குறைந்துவிடும்.

பை வேறு, வருகை வேறு

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போடப் பார்ப்பதுதான் பெரும்பாலும் முதல் சிக்கலைக் கொண்டுவருகிறது. சீட்டு பைக்கு ஒன்று. ஹீமோகுளோபின் டெஸ்டோ வருகைக்கு ஒன்று. ஒரே நாளில் இரண்டு பை ஏற்றினால் ‘முன் 9.4, பின் 12.3’ என்பதை எந்தப் பையின் வரிசையில் எழுதுவது? இரண்டிலும் எழுதினால், பின்னால் கூட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு பையும் 2.9 ஏற்றியது போலத் தெரியும். உண்மையில் இரண்டும் சேர்ந்துதான் அவ்வளவு ஏற்றியிருக்கும்.

அதனால் இரண்டு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பைகளுக்கு: அதில் பை எண், என்ன ரத்தப் பொருள் (சிவப்பணுவா, பிளாஸ்மாவா, தட்டணுவா), ரத்த வகை, காலாவதித் தேதி, எத்தனை மி.லி. உடலுக்குள் போனது, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம். இன்னொன்று வருகைகளுக்கு: அதில் தேதி, உடல் எடை, முன் ஹீமோகுளோபின், மொத்த மி.லி., பின் ஹீமோகுளோபின், எதிர்விளைவு. பை அட்டவணையில் ‘வருகை எண்’ என்று ஒரு கட்டம் வைத்தால் போதும், இரண்டும் இணைந்துவிடும். எக்செல் வேண்டும் என்றுகூட இல்லை. நோட்டின் இடது பக்கம் வருகை, வலது பக்கம் அதன் பைகள் என்று வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும்.

பை எண்ணை மட்டும் ஒரு எழுத்துகூட விடாமல் அப்படியே எழுத வேண்டும். ரத்த வங்கிக்காரர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் தானம் செய்தவர் வரை பின்னோக்கிப் போவார்கள். ஒரே தானத்தைச் சிறு பைகளாகப் பிரித்திருந்தால் தான எண் ஒன்றாகவே இருக்கும், பிரிவைக் காட்டும் குறியீடு மட்டும்தான் மாறும். அது தெரியாமல் ‘இந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டது’ என்று ஒரு சீட்டை ஒதுக்கினால் ஒரு பை காணாமல் போய்விடும். இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே பைக்கு கிராஸ் மேட்ச் சீட்டு ஒன்றும், பையில் கட்டியிருந்த அட்டை ஒன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். இரண்டையும் எண்ணினால் ஒரு பை இரண்டாகிவிடும். முழு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

எந்தத் தேதி?

ஒரு சீட்டில் நாலு தேதி இருக்கலாம்: ரத்தம் தானமாக எடுத்த நாள், காலாவதி நாள், கிராஸ் மேட்ச் செய்த நாள், பை வார்டுக்குப் போன நாள். ஏற்றிய நாள் என்பது இவற்றில் எதுவாகவும் இல்லாமல் போகலாம். முதல் நாள் மாதிரி கொடுத்து, மறுநாள் ஏற்றுவது சாதாரணம். பதிவேட்டுக்கு வேண்டியது முதல் பை உடலுக்குள் போக ஆரம்பித்த நாள். அது வார்டு தாளில்தான் இருக்கும், அந்த நேரத்துக்கு நம்ப வேண்டியதும் அதைத்தான். பை எண்ணுக்கும் ரத்த வகைக்கும் ரத்த வங்கிச் சீட்டு, ஹீமோகுளோபினுக்கு லேப் ரிப்போர்ட். டிஸ்சார்ஜ் தாளில் இவை எல்லாமே திரும்ப எழுதப்பட்டிருக்கும், ஆனால் அது யாரோ அவசரத்தில் பார்த்து எழுதியது. மூலத் தாள் கிடைக்காதபோது மட்டும் அதைப் பயன்படுத்தலாம், அப்படிச் செய்தால் பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள்.

06/01 என்று எழுதியிருந்தால் ஜனவரி ஆறா, ஜூன் ஒன்றா? முந்தைய, பிந்தைய சீட்டுகளைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பதிவேட்டில் 2025-01-06 என்று வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் அந்தச் சந்தேகம் மறுபடி வராது. கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் வரிசைப்படுத்துவதும் எளிது.

முன், பின் என்றால் எப்போது?

‘முன்’ என்பது முதல் பை தொடங்குவதற்கு முன் கடைசியாக எடுத்த ஹீமோகுளோபின். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு ரிப்போர்ட் இருந்தால் பையின் ஆரம்ப நேரத்தைப் பார்த்து எது முந்தியது என்று முடிவு செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த நேரம், ரிப்போர்ட் அச்சான நேரம் என்று இரண்டு இருக்கும். எடுத்த நேரம்தான் கணக்கு. பை ஓடிக்கொண்டிருக்கும்போது அச்சான ரிப்போர்ட், பை தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தத்தினுடையதாக இருக்கலாம்.

‘பின்’ என்பது கடைசிப் பை முடிந்தபின் எடுத்தது. ரத்தக் கசிவு எதுவும் இல்லாதவர்களுக்கு ஏற்றி முடித்த சிறிது நேரத்தில் எடுத்தாலும், மறுநாள் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் ஒரே நபருக்கு ஒருமுறை உடனடியாகவும் இன்னொரு முறை நாலு நாள் கழித்தும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது. அதனால் ‘முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து’ என்று பக்கத்தில் சிறியதாக எழுதி வையுங்கள். டிரிப் ஓடுகிற கையிலேயே, ஊசி குத்திய இடத்துக்கு மேலே எடுத்த மாதிரி நீர்த்துப்போய் எண்ணைக் குறைத்துக் காட்டும். பின் எண் முன் எண்ணைவிடக் குறைந்திருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பின் ஹீமோகுளோபினை எல்லா இடங்களிலும் ஒவ்வொரு முறையும் எடுப்பதில்லை. எடுக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ‘இரண்டு பை போனதே, 12 இருக்கும்’ என்று கணக்குப் போட்டு நிரப்புவது, கட்டம் காலியாக இருப்பதைவிட மோசம். ஆறு மாதம் கழித்து அது அளந்த எண்ணா, கணக்கிட்ட எண்ணா என்று எழுதியவருக்கே தெரியாது.

அளவை அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில லேப்கள் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை கிராம் என்று 12.3 எனத் தரும், சில லேப்கள் ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று 123 எனத் தரும். இரண்டும் ஒன்றுதான், பத்தால் வகுத்து ஒரே மாதிரி எழுத வேண்டும். ஆனால் அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினுக்குக் கீழே இருக்கும் ஹீமடோகிரிட் வேறு சமாச்சாரம். அது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் சதவீதம், ஏறக்குறைய ஹீமோகுளோபினைப் போல மூன்று மடங்கு இருக்கும். ‘முன் 28’ என்று ஒரு பதிவேட்டில் இருந்தால் யாரோ ஒரு வரி தள்ளிப் படித்துவிட்டார்கள் என்று பொருள்.

எதிர்விளைவுக் கட்டம்

இந்த ஒரு கட்டத்தில்தான் பெரும்பாலான பதிவேடுகள் பொய் சொல்கின்றன. சீட்டில் எதிர்விளைவுக்கான இடம் காலியாக இருக்கும், பார்த்து எழுதுகிறவர் ‘இல்லை’ என்று போட்டுவிடுவார். காலி என்றால் யாரும் எழுதவில்லை என்று மட்டுமே பொருள். ‘இல்லை’ என்று நர்ஸ் கைப்பட எழுதியிருந்தால், அல்லது ஏற்றுவதற்கு முன்னும், தொடங்கிப் பதினைந்து நிமிடத்திலும், முடிந்தபின்னும் எடுத்த காய்ச்சல் அளவும் நாடித்துடிப்பும் சீராக இருந்தால் மட்டும் ‘இல்லை’ என்று போடலாம். மற்றதற்கு ‘பதிவு இல்லை’. இப்படிச் செய்தால் பழைய சீட்டுகளில் பாதி ‘பதிவு இல்லை’ என்று ஆகிவிடும்தான். பரவாயில்லை, நிலைமை அதுதானே.

இருந்தது என்றால் என்ன, எப்போது, பை எந்த அளவில் இருந்தது, என்ன கொடுத்தார்கள், பையை நிறுத்தினார்களா என்று எழுதுங்கள். ‘ரியாக்‌ஷன்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. உடம்பில் தடிப்பும் அரிப்பும் வருவது ஒவ்வாமை. முன்பு இருந்ததைவிட ஒரு டிகிரி செல்சியஸாவது ஏறி, 38 டிகிரியைத் தொட்டாலோ தாண்டினாலோ அது காய்ச்சல் வகை. மூச்சுத் திணறல் இன்னொரு வகை. அடுத்த முறை டாக்டர் எடுக்கும் முடிவு இவை ஒவ்வொன்றிலும் வேறுபடும். சிலருக்குப் பை தொடங்கும் முன்பே காய்ச்சல் மாத்திரையோ அலர்ஜி ஊசியோ கொடுத்துவிடுவார்கள். அதையும் எழுத வேண்டும். மாத்திரை காய்ச்சலை அமுக்கியிருக்கலாம், அப்போது ‘இல்லை’ என்பதன் எடை குறைவு.

பை பாதியில் நிறுத்தப்பட்டால் லேபிளில் உள்ள 300 மி.லி.யை எழுதாமல், உடலுக்குள் போன அளவை எழுதுங்கள். 

இன்னொன்று, எதிர்விளைவு அன்றைக்கே வர வேண்டும் என்றில்லை. ஏற்றிய ரத்தத்தின் சிவப்பணுக்களை உடல் தாமதமாக அழிக்கும் எதிர்விளைவு ஒரு நாள் கழித்து முதல் நாலு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். அப்போது நோயாளி வீட்டில் இருப்பார், சீட்டு எழுதுவதற்கு வார்டு இருக்காது. ஆகவே எதிர்விளைவுக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘வீட்டில் கவனித்தது’ என்று ஒரு கட்டம் தேவை. இது எதற்கு என்பது கீழே வரும் கணக்கில் தெரியும்.

ஒரு கட்டுச் சீட்டை எடுத்துப் பார்ப்போம்

இது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு. 40 கிலோ எடையுள்ள, தலசீமியா உள்ள ஒரு பையன். நாலு வருகைகளின் தாள்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் வார்டு தாள்களைத் தேதி வாரியாக அடுக்குகிறோம். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய ரத்த வங்கிச் சீட்டுகள், லேப் ரிப்போர்ட்டுகள்.

மூன்றாவது வருகைக்கு வந்தால் மூன்று கிராஸ் மேட்ச் சீட்டுகள் இருக்கின்றன, மற்ற வருகைகளுக்கு இரண்டு இரண்டுதான். அப்படியானால் அன்று மூன்று பையா? இங்கே ஒரு எளிய சரிபார்ப்பு உதவும். பையில் உள்ள சிவப்பணு ஹீமோகுளோபினை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு இது:

```
ஏற வேண்டியது = (மி.லி. × பையின் ஹீமடோகிரிட்) ÷ (3 × எடை கிலோ)
```

சிவப்பணுப் பையின் ஹீமடோகிரிட் பொதுவாக 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதாவது 0.6. இரண்டு பை, 600 மி.லி. என்றால் 600 × 0.6 = 360. அதை 3 × 40 = 120 ஆல் வகுத்தால் 3.0. ஏறக்குறைய மூன்று கிராம் ஏற வேண்டும். மூன்று பை, 900 மி.லி. என்றால் 4.5 ஏறியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டுகளோ முன் 9.4, பின் 12.3 என்கின்றன, ஏறியது 2.9. ஆக, இரண்டு பைதான் போயிருக்கிறது. திரும்பப் பார்த்தால் மூன்றாவது சீட்டில் ஆரம்ப நேரமும் இல்லை, முடிந்த நேரமும் இல்லை. பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறார்கள், ஏற்றவில்லை. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம். பை அட்டவணையில் மி.லி. கட்டத்தில் 0 போட்டு ‘ஏற்றவில்லை’ என்று எழுதி வைக்கலாம்.

எல்லாம் ஒழுங்கானபின் வருகை அட்டவணை இப்படி வருகிறது:

| வருகை | தேதி | முந்தைய வருகையிலிருந்து நாட்கள் | முன் | மி.லி. | பின் |
|---|---|---|---|---|---|
| 1 | 2025-01-06 | – | 9.6 | 600 | 12.5 |
| 2 | 2025-02-03 | 28 | 9.5 | 600 | 12.4 |
| 3 | 2025-03-03 | 28 | 9.4 | 600 | 12.3 |
| 4 | 2025-03-24 | 21 | 7.9 | 600 | 10.8 |

வார்டில் பார்க்கிறவர் நாலாவது வரியின் 7.9ஐப் பார்த்துவிட்டு, ‘குறைஞ்சிருக்கு, ரத்தம் ஏத்துங்க’ என்று சொல்லக்கூடும். தலசீமியாவில் ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9.5 முதல் 10.5 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வதே வழக்கமான இலக்கு என்பதால் 7.9 குறைவுதான். ஆனால் தனியாகப் பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்.

அட்டவணையை இரண்டு கேள்விகளால் படிக்க வேண்டும். ஒன்று ஏற்றம்: ஒரே வரிசைக்குள் முன்னிலிருந்து பின்னுக்கு எவ்வளவு ஏறியது? இங்கே நாலு முறையும் 2.9. கணக்கு சொன்ன 3.0க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதாவது பைகள் சரியாக உள்ளே போயின, அளவிலோ டெஸ்டிலோ பெரிய கோளாறு இல்லை.

இரண்டாவது இறக்கம்: ஒரு வரிசையின் பின்னிலிருந்து அடுத்த வரிசையின் முன்னுக்கு எவ்வளவு இறங்கியது, எத்தனை நாளில்? 12.5லிருந்து 9.5க்கு 28 நாளில் 3.0, அதாவது வாரத்துக்கு 0.75. அடுத்தது 12.4லிருந்து 9.4க்கு, அதே வேகம். மூன்றாவதற்குப் பிறகு 12.3லிருந்து 7.9க்கு 4.4, அதுவும் 21 நாளில். வாரத்துக்குக் கிட்டத்தட்ட 1.5. வேகம் இரட்டிப்பாகியிருக்கிறது. பழைய வேகத்தில் போயிருந்தால் அன்றைக்கு 10 இருந்திருக்கும்.

இந்த இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்பதுதான் பதிவேட்டின் முழுப் பயன் என்று நான் நினைக்கிறேன். ஏற்றம் குறைந்தால் பார்க்க வேண்டியது ஏற்றிய நாளை: பை பாதியில் நின்றதா, எடை மாறியதா, மாதிரி சரியா, அப்போதே ரத்தக் கசிவு இருந்ததா. ஏற்றம் சரியாக இருந்து இறக்கம் மட்டும் வேகமானால் பார்க்க வேண்டியது அதற்குப் பின் வந்த நாட்களை. வெறும் முன் எண்களை மட்டும் வரிசையாக எழுதியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. பின் எண் இல்லாதவர்கள் என்ன செய்வது? ஒரு முன் எண்ணிலிருந்து அடுத்த முன் எண்ணுக்கு, நடுவில் போன மி.லி.யும் நாட்களும் சேர்த்துப் பார்க்கலாம். பிரச்சினை இருக்கிறது என்பது தெரியும், ஏற்றத்திலா இறக்கத்திலா என்பது தெரியாது.

சரி, மார்ச் 3க்கும் 24க்கும் நடுவில் என்ன நடந்தது? மார்ச் 3 லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘11 செவ்வாய், கண் மஞ்சள், சிறுநீர் ரொம்ப அடர் நிறம், சோர்வு.’ அம்மா எழுதியது. மறுநாள் கொஞ்சம் பரவாயில்லை போல இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் 11 என்பது ஏற்றிய எட்டாவது நாள். ‘வீட்டில் கவனித்தது’ கட்டத்தில் இந்த வரி வந்து உட்கார்ந்தவுடன் படம் மாறிவிடுகிறது. ஏற்றிய சிவப்பணுக்கள் உடைந்தால் கண் மஞ்சளாகலாம், சிறுநீர் அடர் நிறமாகலாம், ஹீமோகுளோபின் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இறங்கும்.

இதை எந்த வருகையின் வரிசையில் எழுதுவது என்பதில் பலருக்குக் குழப்பம் வரும். 7.9 என்ற எண் நாலாவது வருகையில் வந்தது, அதனால் நாலாவதில் எழுதத் தோன்றும். ஆனால் உடைந்தது மூன்றாவது வருகையில் ஏற்றிய ரத்தம். அதனால் எதிர்விளைவு மூன்றாவது வரிசைக்கு, தேதி மார்ச் 11 என்ற குறிப்போடு. அப்போதுதான் பை அட்டவணையில் வருகை 3 என்று தேடினால் சந்தேகத்துக்குரிய இரண்டு பை எண்கள் கிடைக்கும், ரத்த வங்கி அவற்றைப் பின்தொடர முடியும். இரண்டு அட்டவணை ஏன் வேண்டும் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதன்பின் டாக்டரின் வேலை

வேகமான இறக்கம் என்றாலே, ஏற்றிய சிவப்பணுக்களுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடிதான் காரணம் என்று பதிவேடு சொல்லாது. காய்ச்சலோடு வந்த தொற்று, எங்காவது ரத்தக் கசிவு, மண்ணீரல் பெரிதாகி அதிகச் சிவப்பணுக்களை அழிப்பது, வளரும் பிள்ளையின் எடை கூடியும் அதே மி.லி. கொடுப்பது, வேறு லேபுக்கு மாறியது என்று பல காரணங்கள் உண்டு. மண்ணீரலாக இருந்தால் ஒரே மாதத்தில் இப்படி விழாமல், பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேகம் கூடிவரும். எடைக் கட்டத்தை ஒவ்வொரு முறையும் நிரப்பச் சொல்வது இதற்காகவும்தான்.

நம் பையன் விஷயத்தில் நாலாவது முறை ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்து ஆன்டிபாடி ஸ்கிரீனிங்கும், சிவப்பணுக்களின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடி கூம்ஸ் டெஸ்டும் செய்யச் சொல்வார்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் புதுப் பைகளின் சிவப்பணுக்களும் கலந்து பதிலைக் குழப்பும். டெஸ்டில் கிட் என்ற ரத்த வகைத் தொகுதிக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ, பி, ஓ போலவே சிவப்பணுவின் மேல் வேறு பல அடையாளங்களும் உண்டு. கிட் அவற்றில் ஒன்று, தாமதமான அழிவுக்குப் பேர் போனது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கிட் ஆன்டிபாடி சில மாதங்களில் ரத்தத்தில் குறைந்துபோய், டெஸ்டில் தெரியாத அளவுக்குப் போய்விடும். ஸ்கிரீனிங் ‘நெகட்டிவ்’ என்று வரும். கிராஸ் மேட்ச் பொருந்தும். ஆனால் உடலுக்கு நினைவிருக்கும். அதே அடையாளம் உள்ள ரத்தம் மறுபடி போனால் சில நாட்களில் ஆன்டிபாடி மளமளவென்று பெருகி, ஏற்றியதை உடைத்துவிடும். ஆகவே இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, லேப் டெஸ்ட்டால் சொல்ல முடியாததை எழுதி வைத்த ஒரு வரிதான் சொல்லும். அந்த வரியை வருகை வரிசைகளுக்குள் புதைக்காதீர்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் மேலேயே, கண்டுபிடித்த ஆன்டிபாடியின் பெயர், தேதி, கண்டுபிடித்த ரத்த வங்கி என்று எழுதி, அந்த ரிப்போர்ட்டின் நகலையும் அங்கேயே ஒட்டுங்கள். பெயரை ரிப்போர்ட்டில் இருக்கிற எழுத்துகளிலேயே, பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறாமல் எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஆன்டிபாடியாகிவிடும். பின்னால் வரும் ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டைப் பார்த்து இந்த வரியை யாரும் அடிக்கக் கூடாது.

அதே முதல் பக்கத்தில் டாக்டர் சொன்ன சிறப்புத் தேவைகளும் இருக்கலாம்: வெள்ளணு நீக்கிய பை வேண்டும், கழுவிய சிவப்பணு வேண்டும் என்பது போல. ரத்த வகையையும் எழுதலாம். ஆனால் பதிவேட்டில் எழுதியிருக்கும் வகையை வைத்து யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. ஒவ்வொரு முறையும் புது மாதிரி எடுத்து வகை பார்த்து, பொருத்தம் பார்த்து, கட்டில் அருகே பெயரும் பை எண்ணும் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். அந்த இடத்தில் பதிவேட்டுக்கு ஒரே ஒரு வேலைதான்: இன்று வந்த வகை பழைய பதிவுடன் ஒத்துப்போகவில்லை என்றால் ‘நில்லுங்கள்’ என்று சொல்ல வைப்பது. மாதிரிக் குழாய் மாறிப்போவதைக் கண்டுபிடிக்க அது ஒரு வழி.

பழைய கட்டு பெரிதாக இருந்தால் கடைசி வருகையிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு போங்கள். டாக்டருக்கு உடனே வேண்டியது கடைசி ஆறு மாதம்தான், அது முடிந்தாலே பதிவேட்டைப் பயன்படுத்த ஆரம்பிக்கலாம். பழையவற்றில் ஆன்டிபாடி ரிப்போர்ட்டுகளையும் எதிர்விளைவு எழுதிய தாள்களையும் மட்டும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சில லேப் ரிப்போர்ட்டுகளும் சீட்டுகளும் வெப்பத்தில் அச்சாகும் தாளில் இருக்கும், வழவழப்பாக இருப்பவை. அவை கொஞ்ச நாளில் வெளுத்துப்போகும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். அவற்றை முதல் வேலையாக ஃபோட்டோ எடுத்துவிட வேண்டும். ஃபோட்டோ எடுக்கும்போது பின்பக்கத்தையும் திருப்பி எடுங்கள், பென்சில் குறிப்புகள் இருப்பது அங்கேதான்.